ஆயிரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது

எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்கு ஒரே ஒரு கதவுதான். ஜன்னல்கள் மூன்று இருந்தன. கடல் காற்றின் உப்பு கணினிகளுக்குள் போய்விடுகிறது என்று மூன்றையும் பலகை வைத்து ஆணியடித்துவிட்டார்கள். குளிர்சாதன இயந்திரம் ஓடினால் அது அறை. மின்சாரம் போய்விட்டால் முப்பது பேரின் மூச்சு நிறைந்த பெட்டி. தூத்துக்குடியில் மார்ச் மாதத்தில் அந்தப் பெட்டிக்குள் நின்று பாடம் நடத்தியவர்களுக்குத்தான் தெரியும், புழுக்கம் என்பது தோலுக்கு வெளியே மட்டும் இருப்பதல்ல என்று.

அங்கே நான் எட்டாவது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக ஓர் ஆணை வரும். வந்தால்தான் அந்த வருடத்துக்கு வேலை. ஆணை வருவதற்கு எங்கள் துறைத்தலைவர் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிதான் எட்டு வருடமாக என் கழுத்தைச் சுற்றியிருந்த கயிறு. அவர் அதை ஒரு நாளும் இழுத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இழுக்காத கயிற்றுக்கும் கழுத்து பயப்படத்தான் செய்கிறது.

முதலாண்டு மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பயிற்சிகள் எல்லாம் துறைத்தலைவர் தயாரித்த கையேட்டில் இருக்கும். மாணவர்கள் அதைப் பார்த்துக் கணினியில் அடித்து, ஓட்டிப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதி என்னிடம் கொண்டு வருவார்கள். நான் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் கையெழுத்துப் போடுவேன்.

ஏழாவது பயிற்சி: கொடுத்த எண்ணை பைனரியாகவும் ஹெக்ஸாகவும் மாற்றித் திரையில் காட்ட வேண்டும்.

கரும்பலகையில் இதை நடத்துவது எனக்குப் பிடிக்கும். பதின்மூன்றை எடுத்துக்கொள்வேன். இரண்டால் வகுத்தால் ஆறு, மீதி ஒன்று. ஆறை வகுத்தால் மூன்று, மீதி சுழியம். மூன்றை வகுத்தால் ஒன்று, மீதி ஒன்று. ஒன்றை வகுத்தால் சுழியம், மீதி ஒன்று. மீதிகளைக் கீழிருந்து மேலே வாசித்தால் 1101. அதுதான் பதின்மூன்றின் பைனரி. ஹெக்ஸில் பதினாறு இலக்கங்கள். ஒன்பதுக்கு மேலே எண்கள் தீர்ந்துபோவதால் பத்துக்கு A, பதினொன்றுக்கு B என்று எழுத்துகள் வரும். பதின்மூன்று என்பது D. ஒரே ஓர் எழுத்து. பிள்ளைகள் சிரிப்பார்கள். "மிஸ், இது சுருக்கமா இருக்கு, இதையே வச்சுக்கலாம்லா" என்பார்கள்.

கணினியில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மீதிகள் கடைசி இலக்கத்திலிருந்து வருகின்றன. வந்த வரிசையில் அச்சடித்தால் எண் தலைகீழாக நிற்கும். கையேட்டில் அதற்கு ஒரு தந்திரம் இருந்தது. முதல் மீதியை ஒன்றால் பெருக்கு, இரண்டாவதைப் பத்தால், மூன்றாவதை நூறால், நான்காவதை ஆயிரத்தால். எல்லாவற்றையும் கூட்டு. பதின்மூன்றுக்கு 1, 0, 100, 1000. கூட்டினால் 1101. பார்க்கப் பைனரி. உள்ளே அது ஆயிரத்து நூற்றொன்று என்ற சாதாரண எண்தான். ஹெக்ஸுக்கு இந்தப் பாடு இல்லை. அச்சடிக்கும் வரியில் சதவிகிதக் குறியும் பெரிய எக்ஸும் போட்டால் கணினியே ஹெக்ஸில் காட்டிவிடும்.

கையேட்டில் சோதனைக்கு மூன்று எண்கள் கொடுத்திருந்தார்கள்: 10, 25, 255. மூன்றுக்கும் விடை சரியாக வரும். எட்டு வருடமாக வந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் ஜனவரியில் ஒரு நாள், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள். ஆலந்தலையிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவள். அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். வகுப்பில் அதிகம் பேசாதவள், கேள்வி கேட்டால் எழுந்து நின்று முதன்முதலாகத் தாவணி போட்டவள் மாதிரி துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டுத்தான் பதில் சொல்லுவாள்.

"மிஸ், இங்கன கொஞ்சம் வாங்களேன்."

போனேன். அவள் 1024 என்று கொடுத்திருந்தாள். ஹெக்ஸ் என்ற வரியில் 400 என்று இருந்தது. பைனரி என்ற வரியில் 1410065408 என்று இருந்தது.

"பைனரில சைபரும் ஒண்ணும் மட்டுந்தானே வரும்? இதுல நாலு வருது, ஆறு வருது, எட்டு கூட வருது மிஸ்."

நான் குனிந்து அவள் அடித்த வரிகளைப் பார்த்தேன். கையேட்டில் உள்ளது உள்ளபடி. ஒரு அரைப்புள்ளி கூட மாறவில்லை. எனக்குக் காரணம் தெரியவில்லை. எட்டு வருடமாக இந்தப் பயிற்சியை நடத்துகிற எனக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் மற்ற பிள்ளைகளின் நாற்காலிகள் திரும்புவது கேட்டது.

"ஏன் 1024 கொடுத்த?"

"ஒரு ஜிபின்னா ஆயிரத்து இருபத்து நாலு எம்பின்னு போன வாரம் சொன்னீங்கல்லா மிஸ். அதான் போட்டுப் பாத்தேன்."

"கையேட்டுல இருக்கிற நம்பரைக் கொடு. பெரிய நம்பர்லாம் இப்ப வேண்டாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு 25 என்று அடித்தாள். நான் நகர்ந்துவிட்டேன். நகர்ந்து எங்கே போவது? அறையின் அந்தக் கோடிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். கதவைத் திறந்து வெளியே போக மணியடிக்க வேண்டும். மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

அன்று சாயங்காலம் நான் ஏறிய பேருந்து துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். 1023 கொடுத்தால் என்ன வரும்? பத்து ஒன்றுகள். 1111111111. அதைச் சாதாரண எண்ணாக வாசித்தால் நூற்றுப் பதினோரு கோடிச் சொச்சம். கையேட்டில் விடையை வைத்திருக்கிற இன்ட் என்ற வகை, இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம்வரைதான் தாங்கும். சரி, 1023 உள்ளே அடங்கிவிடுகிறது. 1024-க்கு ஓர் ஒன்றும் பத்துச் சுழியங்களும். அதாவது ஆயிரம் கோடி. அது அடங்காது. அடங்காதபோது கணினி அழுவதுமில்லை, நிற்பதுமில்லை. நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சத்தை ஒரு சுற்றாகத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் காட்டும். ஆயிரம் கோடியிலிருந்து இரண்டு சுற்று தள்ளினேன். 1410065408. ஓர் இலக்கம் பிசகாமல் அதே எண்.

விடை கிடைத்த சந்தோஷம் அரை நிமிடம் கூட இருக்கவில்லை. எட்டு வருடத்தில் எத்தனை ரெக்கார்டு நோட்டுகளில் இந்தப் பக்கத்தின் அடியில் பச்சைக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். லாரிகள் நகரவில்லை. கண்டக்டர் இறங்கி நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் துறைத்தலைவரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேட்காமலே விடுப்பு எழுதுகிறவர். நோட்டைக் காட்டிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கணக்கை இரண்டு தடவை பார்த்தார்.

"கரெக்ட்தான் மேடம். அர்ரே பாடம் நடத்தறதுக்கு முன்ன இந்தப் பயிற்சி வருது. அதனால அப்ப இப்படிப் போட்டேன். சின்ன நம்பருக்குச் சரியா வரும்."

"மாத்திரலாமா சார்?"

"மேனுவல் பிரிண்ட் ஆகி எல்லாக் கையிலயும் போயாச்சு. பாதிப் பேரு ரெக்கார்டு எழுதி முடிச்சிட்டாங்க. இப்ப மாத்தினா, போன வருஷம் எழுதினவன் வந்து என்னன்னு கேப்பான். ஒரு லிமிட் சொல்லிருங்க. ஆயிரத்துக்கு மேல கொடுக்கக் கூடாதுன்னு."

"எக்ஸாம்ல எக்ஸ்டர்னல் பெரிய நம்பர் கொடுத்தா?"

"யாரு கொடுக்கப் போறா மேடம்? எல்லாரும் பத்து, இருபதுன்னுதான் கொடுப்பாங்க."

அவர் பேசிக்கொண்டே மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். அதில் அடுத்த வருடத்துக்கான தற்காலிக ஆசிரியர் பட்டியலும் இருந்தது. அவர் வேண்டுமென்று அதைத் தொடவில்லை. ஆனால் என் கண் அதை விட்டு நகரவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வகுப்பில் கரும்பலகையின் மூலையில் எழுதினேன்: பயிற்சி ஏழு, 0 முதல் 1000 வரை மட்டும்.

ஆலந்தலைப் பெண் அதைப் பார்த்தாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆனால் அடுத்த வாரம் ஆய்வகம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"மிஸ், நான் வேற மாதிரி ஒண்ணு எழுதியிருக்கேன். பாக்கீங்களா?"

தாளை வாங்கினேன். வகுத்தலே இல்லை. மீதி இல்லை. பத்தால், நூறால் பெருக்குவதும் இல்லை. கொடுத்த எண்ணுக்குள் அடங்குகிற மிகப் பெரிய இரண்டின் அடுக்கு எது என்று முதலில் ஒன்றிலிருந்து இரட்டித்து இரட்டித்துப் போய்க் கண்டுபிடிக்கிறாள். பதின்மூன்று என்றால் எட்டு. எட்டு பதின்மூன்றுக்குள் அடங்கும், எனவே ஒன்று என்று அச்சடி, எட்டைக் கழி. மிச்சம் ஐந்து. அடுத்தது நான்கு. அடங்கும், ஒன்று. மிச்சம் ஒன்று. அடுத்தது இரண்டு. அடங்காது, சுழியம். அடுத்தது ஒன்று. அடங்கும், ஒன்று. 1101. இடமிருந்து வலமாக, அச்சடிக்கிற வரிசையிலேயே வருகிறது. எதையும் சேர்த்து வைக்கத் தேவையில்லாததால் எதுவும் நிரம்பி வழியாது.

"இது எங்க பாத்த?"

"எங்கயும் பாக்கல மிஸ். எங்க அத்தை கருவாடு விக்கா. முன்ன தராசுலதான் நிறுப்பா. பெரிய கல்லைத்தான் மொதல்ல வைப்பா. தாங்கலன்னா எடுத்துட்டு அடுத்த கல்லு. அதே மாதிரிதான் மிஸ். கல்லு மட்டும் ஒண்ணுக்கொண்ணு ரெட்டிப்பா இருக்கணும், அவ்வளவுதான்."

அவளை உட்காரவைத்து ஓட்டச் சொன்னேன். 1024. ஓர் ஒன்றும் பத்துச் சுழியங்களும் வந்தன. சுழியம் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் சரி. பெரிய எண்ணாக ஒன்று கொடுத்தேன், சரி. அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சிதான். அதற்கு அடியில் ஒரு நடுக்கமும் இருந்தது.

"ரெக்கார்டுல இதையே எழுதட்டுமா மிஸ்?"

வாயில் வந்த பதில் ஒன்று. சொன்னது வேறு.

"வேண்டாம்ளா. ரெக்கார்டுல மேனுவல்ல உள்ளது எழுது. பரிட்சையிலயும் அதைத்தான் எழுதணும். ரெக்கார்டும் பரிட்சையும் ஒண்ணா இருக்கணும்."

"அது தப்பால்லா வருது?"

"ஆயிரத்துக்குள்ள சரியா வரும்."

அவள் என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து ஏழாவது பயிற்சியின் பக்கம் என் மேசைக்கு வந்தது. கையேட்டின் நகல், அழகான கையெழுத்தில். நான் பச்சைப் பேனாவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்து கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரலில் செய்முறைத் தேர்வு. வெளித்தேர்வாளர் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த பெண். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். பேச்சில் நிதானம், எதையும் இரண்டு தடவை பார்க்கிற கண். உள்தேர்வாளர் நான். கைப்பேசிகளை வெளியே வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார்கள். ஆலந்தலைப் பெண் எடுத்துப் பிரித்தாள். பிரித்ததும் என்னைத்தான் பார்த்தாள். ஏழாவது பயிற்சி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவள் போய் உட்கார்ந்து தாளில் எழுத ஆரம்பித்தாள். முதலில் தாளில் எழுத வேண்டும், பிறகு கணினியில் ஓட்ட வேண்டும். நான் வரிசைகளுக்கிடையே நடந்தேன். அவளைக் கடக்கும்போது தாளைப் பார்த்தேன். கையேட்டில் உள்ளதையே எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். 'உன்னோடதை எழுது' என்று குனிந்து சொன்னால் போதும். ஆனால் தேர்வறையில் தேர்வாளர் மாணவியிடம் அப்படிக் குனியக் கூடாது. அந்த விதி அன்று எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பதினொன்றரை மணிக்கு வெளித்தேர்வாளர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு அவள் இருக்கைக்கு வந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஓட்டும்மா. அஞ்சாயிரம் கொடு."

அவள் விரல்கள் விசைப்பலகை மேல் ஒரு கணம் நின்றன. 5000 என்று அடித்தாள். ஹெக்ஸ் 1388. பைனரி 382621032.

வெளித்தேர்வாளர் திரையை நோக்கிக் குனிந்தார். "என்னம்மா இது? பைனரில மூணும் எட்டும் எங்க இருந்து வந்துச்சு?"

அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே திரையைப் பார்த்தாள்.

"சரி, பேப்பர்ல போட்டுக் காட்டு. அஞ்சாயிரத்துக்குப் பைனரி என்ன?"

அவள் பேனாவை எடுத்தாள். வகுக்கக் கூட இல்லை. திரையிலிருந்த 1388-ஐப் பார்த்து ஒவ்வோர் இலக்கத்துக்கும் நான்கு பிட்டுகளாக எழுதினாள்: 1, 0011, 1000, 1000. இடைவெளி இல்லாமல் சேர்த்து மறுபடி எழுதினாள்: 1001110001000.

"இவ்வளவு தெரியுதுல்ல? அப்புறம் புரோகிராம் ஏன் தப்பா இருக்கு? ரெக்கார்டைக் குடு."

ஏழாவது பயிற்சியின் பக்கத்தைத் திருப்பினார். வரிக்கு வரி அதே. அடியில் என் பச்சைக் கையெழுத்து. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"ரெக்கார்டுலயும் இதேதான் இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே மேடம்?"

அந்த நேரம் பார்த்துத்தான் துறைத்தலைவர் வெளித்தேர்வாளருக்குத் தேநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. எனக்கு முன்னால் வெளித்தேர்வாளர், பின்னால் துறைத்தலைவர், நடுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் பழி துறைத்தலைவர் மேல் விழும். பொய் சொன்னால் இவள் மேல் விழும்.

நான் தேடிக்கொண்டிருந்த பொய்யை அவளே சொன்னாள்.

"நான்தான் மேடம் ரெக்கார்டுலயே தப்பா காப்பி பண்ணிட்டேன். மிஸ் ரெண்டு பேட்ச்சுக்கும் சேத்து அறுபது ரெக்கார்டு பாக்காங்க. கவனிச்சிருக்க மாட்டாங்க."

குரல் நடுங்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வெளித்தேர்வாளர் "பாத்து எழுத வேண்டாமாம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். நானும் அவர் பின்னால் நகர்ந்தேன். அடுத்த பையன் வைத்திருந்தது என்ன பயிற்சி என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

ஒரு மணிக்குத் தேர்வு முடிந்தது. பிள்ளைகள் போனார்கள். மதிப்பெண்களை அன்றே பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் ஏற்றிப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டால் யாரும் மாற்ற முடியாது. வெளித்தேர்வாளர் வாசித்தார், நான் அடித்தேன். துறைத்தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளுடைய பதிவெண் வந்தது.

"ஓட்டினதுக்கு ஒண்ணும் இல்ல. அவுட்புட் தப்பு. எழுதினதுக்குக் கொஞ்சம் போடலாம், வாய்மொழிக்கு..."

என் விரல் அந்தக் கட்டத்துக்கு மேல் நின்றது. சுழியம் அடிக்க வேண்டும். ஒரே ஒரு விசை. ஆயிரம் தடவை அடித்த விசை.

"மேடம், அந்தப் பொண்ணு தப்பா காப்பி பண்ணல."

சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னேன். "மேனுவல்லயே அப்படித்தான் இருக்கு. ஆயிரத்து இருபத்து மூணுக்கு மேல கொடுத்தா இன்ட்ல அடங்காது. எனக்கு ஜனவரியிலயே தெரியும். அந்தப் பொண்ணுதான் கண்டுபிடிச்சுச்சு. சரியா வர்ற மாதிரி வேற ஒண்ணு எழுதிட்டும் வந்துச்சு. நான்தான் வேண்டாம், மேனுவல்ல உள்ளதை எழுதுன்னு சொன்னேன்."

துறைத்தலைவர் அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. மேனுவல் யாருடையது என்று நான் சொல்லவில்லை. அட்டையில் அவர் பெயர் இருந்தது. வெளித்தேர்வாளர் கையேட்டை இழுத்துப் பார்த்தார். கட்டிலிருந்து இன்னும் இரண்டு ரெக்கார்டுகளை உருவிப் பார்த்தார். மூன்றிலும் அதே வரிகள், அதே பச்சை.

"லிமிட் சொல்லியிருக்கோம் மேடம்" என்றார் துறைத்தலைவர். "ஆயிரத்துக்கு மேல கொடுக்கக் கூடாதுன்னு."

"கேள்விச் சீட்டுல லிமிட் இல்லையே சார்."

"அந்தப் பிள்ளையைக் கூப்பிடலாமா மேடம்? இப்ப ஓட்டிக் காட்டும்" என்று கேட்டேன்.

"நேரம் முடிஞ்சு போச்சு. திரும்ப உக்கார வைக்க எனக்கு அதிகாரம் இல்ல." அவர் யோசித்தார். "ஹெக்ஸ் சரியா வந்துச்சு. அதனால ஓட்டினதுக்குப் பாதி போடலாம். தப்பா வந்த அவுட்புட்டுக்குத் தெரிஞ்சுகிட்டே முழுசாப் போட முடியாது. பைனரியக் கையால போட்டுக் காட்டுச்சு, அதனால வாய்மொழிக்கு முழுசாப் போடுங்க."

அடித்தேன். பூட்டினேன். வெளித்தேர்வாளர் போகும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "காலையிலேயே சொல்லியிருக்கலாம்." அதில் கோபம் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

படிக்கட்டில் துறைத்தலைவர் என்னோடு இறங்கினார்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாம்ல மேடம்."

"உங்ககிட்ட சொன்னேனே சார், ஜனவரியில."

இரண்டு படி இறங்கினார். "ஆமா. சொன்னீங்க" என்றார்.

ஜூனில் ஆணை வரவில்லை. அந்த முப்பது நாளும் நான் வீட்டில் இருந்த விதத்தை என் கணவர் இன்னும் சொல்லிக்காட்டுவார். கைப்பேசி மணியடித்தால் எடுக்க மாட்டேன், அடிக்கவில்லை என்றால் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ஜூலை நடுவில் வந்தது. நிரலாக்க வகுப்பு எனக்கு இல்லை. வணிகவியல் பிள்ளைகளுக்குத் தட்டச்சும் அட்டவணையும் சொல்லிக்கொடுக்கப் போட்டிருந்தார்கள். தண்டனையா, இல்லை வேறு ஆள் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

கையேடு அந்த வருடம் புதிதாக அச்சானது. ஏழாவது பயிற்சியைத் திருப்பிப் பார்த்தேன். ஆலந்தலைப் பெண் கைப்பட எழுதிய தாளில் நான் பார்த்த அதே வழி. பெரிய அடுக்கிலிருந்து இறங்கி, அடங்கினால் ஒன்று, அடங்காவிட்டால் சுழியம். சோதனைக்கு நான்காவதாக ஓர் எண்ணும் சேர்ந்திருந்தது: 5000. அந்தத் தாளைத் துறைத்தலைவர் அவளிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

"அந்தப் பிள்ளை பேரை அடியில போட்டிருக்கலாமே சார்" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரு எழுதினா என்ன மேடம், சரியா வந்தாப் போதும்ல" என்றார். அவர் முகம் சிவந்திருந்தது.

அவளை ஆகஸ்டில் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். இரண்டாம் ஆண்டு. தோழிகளோடு நின்றவள் என்னைப் பார்த்ததும் தனியே வந்தாள். பரிட்சைக்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை.

"எதுக்குளா அப்படிப் பொய் சொன்ன?" என்று கேட்டேன். நான்கு மாதமாகத் தொண்டையில் இருந்தது.

"உங்க ஆர்டர் ஜூன்லதான வரும் மிஸ். சாருதான் எழுதணுமாம்லா. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் எட்டு வருடமாக மறைத்து வைத்திருந்ததாக நினைத்த கயிறு முப்பது பிள்ளைகளின் கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

"அப்புறம் நான் உண்மையைச் சொல்லிட்டேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று தெரிந்தது.

"தெரியும் மிஸ். மார்க் வந்தப்ப புரிஞ்சிச்சு." துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா, ரெக்கார்டு எழுதையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா என்னோடதையே எழுதியிருப்பேன்லா."

"ஆமா" என்றேன். "எழுதியிருப்ப."

திருச்செந்தூர் பேருந்து வந்தது. தோழிகள் அவளைக் கூப்பிட்டார்கள். "வாரேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினாள். நான் அடுத்த பேருந்துக்கு நின்றேன். மறுநாள் வகுப்புக்குத் தர வேண்டிய வணிகவியல் பிள்ளைகளின் தட்டச்சுத் தாள்கள் திருத்தப்படாமல் கைப்பையில் கனத்துக்கொண்டிருந்தன.